சுண்டுவின் உயரத்திலிருந்து

சாப்பிட்டு முடித்தவர்கள் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். மண்டபத்தில் இரண்டு பேர் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மணமக்கள் போய் அரை மணி நேரம் ஆகியிருந்தது. கேமராவைப் பையில் வைத்துக்கொண்டிருந்த சுண்டுவிடம் பெண்ணின் பெரியப்பா வந்தார்.

"ஏம்மா, எட்டு மணி நேரம்னுதானே பேச்சு? இன்னும் ஒரு மணி நேரம் இருக்கே, அதுக்குள்ள மூட்டை கட்டுறீங்க?"

"பொண்ணு மாப்பிள்ளை போயாச்சே சார். இனிமே எடுக்க என்ன இருக்கு?"

"அது எனக்குத் தெரியாது. பேசினது பேசினதுதான்."

சுண்டு கேமராவை மறுபடியும் வெளியே எடுத்தாள். அடுக்கிய நாற்காலிகளை எடுத்தாள், அடுக்காத நாற்காலிகளை எடுத்தாள், வாடிப்போன மாலைகளை எடுத்தாள், கை கழுவும் இடத்தை எடுத்தாள். பெரியப்பா ஒரு தூணில் சாய்ந்து, வேலை நடக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு மணி ஆனதும் தலையை ஆட்டினார். பள்ளிக்கூடம் விட்ட பிள்ளையைப் போல சுண்டு வெளியே வந்தாள்.

இருபத்து மூன்று வருடங்களாகக் கல்யாணப் படம் எடுப்பவள் அவள். வயது நாற்பத்தைந்து. உருவம் சிறியது. கூட்டத்தில் நின்றால் கேமரா மட்டும் தனியாக மிதந்து வருவதுபோல் இருக்கும். அதனால்தான் சுண்டுவிரலை வைத்து அந்தப் பெயர். வைத்தவள் அவளுடைய சிநேகிதி. அந்தச் சிநேகிதியோ கதவு நிலையில் தலை இடிக்கும் உயரம். பதிலுக்கு அவளுக்குச் சுண்டு வைத்த பெயர் கொக்கு. பதினேழு வருடம் இரண்டு பேரும் சேர்ந்தே வேலை செய்தார்கள். "கொக்கும் சுண்டும் வந்தாச்சா?" என்றுதான் மண்டபங்களில் கேட்பார்கள். ஆறு வருடத்துக்கு முன்னால் கொக்குவின் அக்கா படுத்த படுக்கையாகிவிட, அக்காவையும் அவள் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ள அவள் வேறு ஊருக்குப் போனாள். அங்கே ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். முதலில் வாரம் ஒரு தடவை போனில் பேசினார்கள். அப்புறம் மாதம் ஒரு தடவை. அப்புறம் பிறந்தநாளுக்கு மட்டும்.

நாற்காலிகளைப் படம் எடுத்த அன்று வீட்டுக்கு வந்த சுண்டு, செருப்பைக் கழற்றும்போதே புருஷனிடம் பொருமினாள். அவர் மருந்துக்கடையில் மருந்தாளராக இருப்பவர். முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"எங்க கடைக்கு வர்றவங்க தலைவலி போகணும்னு வர்றாங்க. எத்தனை நிமிஷம் நின்னு மாத்திரை எடுத்துக் கொடுத்தேன்னு எவனும் கேக்கறதில்ல. நீதான் வாசல்லயே மணிக்கணக்கைத் தொங்க விட்டிருக்கே."

அது உண்மைதான். அவளுடைய விலைப்பட்டியலில் நான்கு மணி நேரம், எட்டு மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் என்று மூன்று கட்டங்கள் இருந்தன. பார்க்க வருகிறவர்கள் படங்களை இரண்டு நிமிடம் புரட்டுவார்கள், கட்டங்களை இருபது நிமிடம் படிப்பார்கள். அதே எட்டு மணி நேரத்துக்கு அடுத்த தெரு போட்டோக்காரர் என்ன வாங்குகிறார் என்று சொல்வார்கள். மணி நேரம் எல்லோரிடமும் ஒன்றுதானே? அப்படிப் பார்த்தால் குறைவாகச் சொல்பவரிடம் போவதில் தப்பே இல்லை.

இப்படித்தான் அவள், உலர்சலவைக் கடையின் மாடியில் அறை எடுத்து வேலை செய்த ஒரு டிசைனர் பெண்ணிடம் போய்ச் சேர்ந்தாள். சோப்பு உறைகளும் பேக்கரி பெட்டிகளும் வடிவமைத்துவிட்டு, இப்போது சிறு தொழில் செய்பவர்களுக்கு லோகோ, வெப்சைட் என்று அடையாளம் அமைத்துக் கொடுக்கும் பெண். முப்பது வயது இருக்கும். ஏழு மாதக் கர்ப்பிணி. நாற்காலியில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை என்று சொல்லி நின்றுகொண்டே பேசினாள். கீழே இருந்து இஸ்திரி ஆவியின் வாசனை மாடிப்படி ஏறி வந்துகொண்டிருந்தது.

"புது லோகோ வேணும். வெப்சைட் கொஞ்சம் பளபளன்னு இருக்கணும்" என்றாள் சுண்டு.

"லோகோ கடைசில பாத்துக்கலாம்க்கா. மணிக்கு இவ்வளவுன்னு இல்லாம, உங்க கைக்கு இவ்வளவுன்னு ஜனங்க கொடுக்கணும்னா, அந்தக் கை எதுன்னு முதல்ல அவங்களுக்குத் தெரியணும். உங்க சைட்ல அறுநூறு படம் இருக்கு. எல்லாமே நல்ல படம்தான். ஆனா யாரு எடுத்ததுன்னே தெரியல."

சுண்டுவுக்குச் சுருக்கென்றது.

"எது எது பேர் வாங்கிச்சு, எதை ஜனங்க பாராட்டினாங்கன்னு யோசிக்காதீங்க. இன்னொரு தடவை எடுக்கச் சொன்னா ஆசையா எடுப்பேன்னு தோணுறதை மட்டும் கொண்டு வாங்க. நீங்க எதைக் காட்டுறீங்களோ அதைத்தான் கேட்டு வருவாங்க. டிரோன்ல எடுத்ததைக் காட்டினா டிரோன்தான் கேப்பாங்க."

அடுத்த மூன்று வாரம் சுண்டு வீட்டில் பதினோரு ஹார்டு டிஸ்க்குகளோடு உட்கார்ந்திருந்தாள். ஒரு படத்தைப் பார்த்து அடுத்ததற்குப் போய்விடலாம் என்றுதான் நினைத்தாள். முடியவில்லை. ஒவ்வொன்றும் கையைப் பிடித்து இழுத்தது. மழையில் கூரை ஒழுகிய மண்டபம். மாப்பிள்ளையின் சட்டையை யாரோ மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விட, அவன் பனியனோடு நின்று சிரித்தது. ஒலிபெருக்கிக்காரருக்குக் காய்ச்சல் வந்து, கொக்கு தன் கட்டைக் குரலில் அறிவிப்பு செய்தது. இரண்டு பேரும் ஒரே தட்டில் அவசர அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டே ஓடியது. அப்போது அவர்களிடம் இருந்தவை இரண்டே கேமரா. இது உன்னுடையது, இது என்னுடையது என்ற பேச்சே கிடையாது. எது கைக்கு எட்டுகிறதோ அதை எடுத்துக்கொள்வார்கள். படங்களும் ஒரே பெட்டியில் போய் விழும். கல்யாணத்துக்கு ஒரு ஃபோல்டர், அவ்வளவுதான்.

முந்நூறு படங்களைத் தேர்ந்தெடுத்து, சிறிய அளவில் பிரிண்ட் போட்டு எடுத்துப் போனாள். டிசைனர் பெண் அவற்றைத் தரை முழுவதும் பரப்பினாள்.

"இந்த ஊர்ல இருக்கிற இன்னொருத்தரும் இதே படத்தை எடுத்திருக்க முடியும்னா, அதை எடுத்துடுங்க."

மேடைப் படங்கள் போயின. மோதிரத்தை மட்டும் கிட்டத்தில் காட்டும் படங்கள் போயின. சூரியன் மறையும்போது முத்தமிடும் ஜோடிகள் கூண்டோடு போனார்கள். கடைசியில் நாற்பத்து மூன்று மிஞ்சின. பெரும்பாலும் ஏதோ ஒன்று நடப்பதற்கு முந்தைய நிமிடங்கள். பக்கத்து அறைகளில் காத்திருப்பவர்கள். கேமராவைப் பார்க்காத முகங்கள்.

"இதை எடுத்தவங்களைத்தான் தேடிட்டு இருந்தேன்" என்றாள் டிசைனர் பெண்.

படங்களில் இருந்தவர்களிடம் அனுமதி கேட்க வேண்டும். சுண்டு ஒவ்வொருவராகப் போன் செய்தாள். சிலருக்கு ஞாபகம் இல்லை. ஒரு ஜோடி பிரிந்துவிட்டிருந்தது. அந்தப் படம் வேண்டாம் என்று அவர்கள் இருவரும் தனித்தனியே ஒரே மாதிரி பணிவோடு சொன்னார்கள். ஒரு பெண் மட்டும் கேட்டாள்: "எங்க வீட்டுக்காரரு ஷூவுக்கு பாலிஷ் போடுவாரே, அதுவா?" அதுதான். "போடுங்கக்கா. போன வருஷம் போயிட்டாரு. எங்கயாவது அவரு இருக்கட்டும்."

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், தளத்தைத் திறந்ததும் கண்ணில் படும் படமாக எதை வைப்பது என்பதில் இரண்டு பேருக்கும் சந்தேகமே இருக்கவில்லை. மணப்பெண்ணின் அப்பா தரையில் மண்டியிட்டு, மகளின் செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருக்கிறார். அவருடைய வழுக்கைத் தலைக்கு மேலே மகளின் கை, தொடலாமா வேண்டாமா என்று நிற்கிறது. பதினாலு வருடத்துக்கு முன்னால் எடுத்தது. சுண்டுவின் பெயர் ஊரில் அடிபட ஆரம்பித்ததே அந்தப் படத்தால்தான். எடுத்த தருணம்கூட அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அறையில் அடித்த பூ வாசனை, அப்பாவின் முழங்கால் சொடுக்கிட்ட சத்தம், மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டது எல்லாமே.

டிசைனர் பெண் அதைப் பெரிய திரையில் போட்டு, ஓரத்தில் இருட்டாக இருந்த பகுதியைக் கொஞ்சம் வெளிச்சமாக்கினாள். அங்கே ஓர் அலமாரி இருந்தது. அலமாரிக் கதவில் கண்ணாடி. கண்ணாடியில் யாரோ நிற்கிறார்கள்.

"யாருக்கா இது? உதவிக்கு வந்தவங்களா?"

சுண்டு எழுந்து கிட்டத்தில் போய்ப் பார்த்தாள். மணப்பெண்ணின் கைப்பையையும் பூச்செண்டையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கழுத்தில் கேமரா சும்மா தொங்க, வாயைக் கொஞ்சம் திறந்தபடி அந்த அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள் ஒரு சின்ன உருவப் பெண்.

"அது நான்தான்."

 கீழே இஸ்திரி இயந்திரம் ஒருமுறை பெருமூச்சு விட்டது.

படத்தில் நிற்பவள் படம் எடுத்திருக்க முடியாது. அப்புறம்தான் சுண்டுவுக்கு உறைத்தது, அந்த வழுக்கைத் தலையை மேலேயிருந்து பார்க்கும் உயரம் அவளுக்கு என்றைக்கும் இருந்ததில்லை என்று. வாசனையும் சத்தமும் அவளுடையவை. பார்வை கொக்குவுடையது.

மீதிப் படங்களையும் அந்தக் கண்ணோடு பார்த்தாள். கேமராவின் விவரங்கள் உதவவில்லை, இரண்டு பேரும் இரண்டையும் மாற்றி மாற்றிப் பிடித்தவர்கள் ஆயிற்றே. ஆனால் உயரம் பொய் சொல்லவில்லை. தலைகளுக்கு மேலாக எட்டிப் பார்க்கும் படங்கள் ஒரு பக்கம். தோள்களுக்கு நடுவே, முழங்கை இடுக்கில், உட்கார்ந்திருப்பவரின் கண்ணுக்கு நேராக எடுத்த படங்கள் இன்னொரு பக்கம். பிரித்து வைத்தபோது மேலேயிருந்து பார்ப்பவை பதினைந்து இருந்தன.

மறுநாள் மத்தியானம், பிறந்தநாள் எதுவும் இல்லாமலே கொக்குவுக்குப் போன் செய்தாள்.

"என்னடி, யாருக்கு என்ன ஆச்சு?" என்று எடுத்த எடுப்பில் பதறினாள் கொக்கு.

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. செருப்பு வார் படம் ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"அது நீ எடுத்தது."

மறுமுனையில் யாருக்கோ "கொஞ்சம் உட்காருங்க, வந்துடறேன்" என்று சொல்வது கேட்டது. பிறகு கதவு சாத்தும் சத்தம்.

"தெரியும்" என்றாள் கொக்கு.

"எப்பலேருந்து?"

"எடுத்ததுலேருந்துதான். நான்தானே எடுத்தேன்?"

"அப்ப ஏன்டி சொல்லல? பதினாலு வருஷமா நான் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சிருக்கேனே!"

"முதல் தடவை நீ சொன்னப்ப சொல்லலாம்னுதான் வாயெடுத்தேன். நீ அந்த அப்பா முழங்கால் சொடுக்கினதுலேருந்து ஆரம்பிச்சு அப்படியே சொன்னே. அங்க நின்ன எனக்கே அதெல்லாம் தெரியல. கேக்கறதுக்கு நல்லா இருந்துச்சு. விட்டுட்டேன்."

 கோபம் யார்மேல் வருகிறது என்று சுண்டுவுக்கே தெரியவில்லை.

"இப்ப எதுக்கு அது?" என்றாள் கொக்கு. " உன் சைட்டுக்கா? போட்டுக்கோயேன். எல்லாத்தையும் போட்டுக்கோ. நான் என்ன கேஸா போடப் போறேன்? வேணும்னா ஓரமா என் பேரைப் போடு."

"பேர் போட்டா மட்டும் போதாது. அதைப் பாத்துட்டு, எங்க வீட்டுக் கல்யாணத்துக்கும் இதே மாதிரி வேணும்னு வருவாங்கடி. நான் என்ன பண்ணுவேன், ஸ்டூலைத் தூக்கிட்டா அலைவேன்?"

கொக்கு சிரித்தாள். ரொம்ப நாளாகக் கேட்காத அந்தக் கட்டைச் சிரிப்பு. சுண்டுவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இரண்டு பேரும் அழுதிருக்கலாம். போனில் எப்படித் தெரியும்? அன்றைக்கு ஒரு மணி நேரம் பேசினார்கள். மூக்குக்கண்ணாடிக்குக் காத்திருந்தவர் என்ன ஆனார் என்று சுண்டு கடைசிவரை கேட்கவில்லை.

பதினைந்து படங்களையும் எடுத்துவிடச் சொன்னபோது டிசைனர் பெண் தயங்கினாள். பிறகு மீதி இருபத்தேழையும் வரிசையாக வைத்துப் பார்த்தாள்.

"அக்கா, இதுவரைக்கும் ரெண்டு பேர் மாறி மாறிப் பேசிட்டிருந்தாங்க. இப்பதான் ஒரே ஆளா கேக்குது."

அந்த இருபத்தேழோடு, ஒரு கல்யாணத்தின் படங்களை மட்டும் முதலிலிருந்து முடிவுவரை தனியாக வைத்தார்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாக அதிர்ஷ்டத்தில் அமைந்தவை அல்ல, நாள் முழுக்க இந்தக் கண் இப்படித்தான் பார்க்கும் என்று வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டுமே. மூன்று கட்டங்கள் கொண்ட விலைப்பட்டியல் போயிற்று. ஒரு கல்யாணம், அவளே தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்திய ஒரு புத்தகம், அதற்கு ஒரே தொகை. தொகையை ஒளிக்காமல் எழுதினார்கள். எப்போது வருவாள், எப்போது போவாள் என்பதை வீட்டாரோடு முன்கூட்டியே உட்கார்ந்து பேசி அவளே தீர்மானிப்பாள். குடும்பப் படங்கள் பத்துக்கு மேல் இல்லை. வருடத்துக்குப் பதினைந்து கல்யாணம் மட்டும். விசாரிப்பவர்கள் நிரப்பும் படிவத்தில் எத்தனை மணி நேரம் வேண்டும் என்ற கேள்வி இல்லை. அதற்குப் பதிலாக, 'உங்கள் வீட்டில் படங்களில் எப்போதும் சரியாக விழாதவர் யார்?' என்று ஒரு கேள்வி இருந்தது. லோகோ என்று பார்த்தால், அவளுடைய பெயர் சின்ன எழுத்தில், பக்கத்தின் கீழ் ஓரத்தில். அவ்வளவுதான்.

அப்புறம் நான்கு மாதம் ஈ ஓட்ட வேண்டியிருந்தது.

பழைய வாடிக்கையாளர்கள் தொகையைப் பார்த்துவிட்டு, எத்தனை மணி நேரத்துக்கு என்று கேட்டார்கள். பதிலைக் கேட்டதும் யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். ஒருவர் பத்து மணி நேரமும் டிரோனும் கேட்டு, பழைய விலையில் இரண்டு கல்யாணம் தருவதாகச் சொன்னார். சுண்டு அன்று மதியம் முழுக்க ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்து தெருவைப் பார்த்தாள். புருஷன் கடைக்குக் கிளம்பும்போது, "உன் இஷ்டம்தான். ஆனா அந்த நாற்காலிங்களை மறுபடியும் எடுக்கணும்" என்று மட்டும் சொன்னார். அவள் டிரோன் கேட்டவருக்கு அடுத்த தெருக்காரரின் எண்ணைக் கொடுத்தாள். 

ஐந்தாம் மாதம் ஒரு படிவம் வந்தது. படங்களில் சரியாக விழாதவர் யார் என்ற இடத்தில் 'அம்மா' என்று இருந்தது. எழுதியவன் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கும், கல்யாணம் நிச்சயமான இளைஞன். அடுத்த வாரம் அப்பாவோடு நேரில் வந்தான்.

"எங்கம்மா ஒன்பது வருஷமா சக்கர நாற்காலிலதான் இருக்காங்க" என்றான். "அப்பலேருந்து எங்க வீட்டுல எடுத்த எல்லாப் படத்துலயும் அம்மாவோட உச்சந்தலைதான் தெரியும். எடுக்கிறவங்க நின்னுட்டே எடுப்பாங்க, இல்லன்னா அம்மாவுக்காகக் குனிஞ்சு எடுப்பாங்க. குனிஞ்சது படத்துல தெரியும், அம்மாவுக்கு அது பிடிக்காது. உங்க படம் எதுலயும் குனிஞ்ச மாதிரியே இல்ல. எல்லாரும் அவங்கவங்க உயரத்துல இருக்காங்க."

சுண்டு தன் படங்களைப் பற்றி அப்படி யோசித்ததே இல்லை. கொக்குவின் பதினைந்தும் நடுநடுவே இருந்திருந்தால் இவனும் அதைக் கவனித்திருக்க மாட்டான் என்று அப்போது தோன்றியது.

"அதெல்லாம் சரிம்மா, எத்தனை மணி நேரம் இருப்பீங்க?" என்று கேட்டார் அப்பா.

"காலைல அம்மாவைத் தயார் பண்றப்பவே வந்துடுவேன் ஐயா. எப்ப கிளம்புவேன்னு அன்னைக்குத்தான் தெரியும்."

"அது எப்படிம்மா? பாதியில போயிட்டா?"

"எடுக்க வேண்டியது தீர்ந்த பிறகும் நான் நின்னா, படம் கூடப்போறதில்ல. கூட்டம்தான் கூடும்."

அவருக்குத் திருப்தி இல்லை. மகன் முகத்தைப் பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டார். தொகையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

கல்யாணத்தன்று காலை ஏழு மணிக்கு அவள் அந்த வீட்டில் இருந்தாள். அம்மாவுக்குத் தலைவாரிக்கொண்டிருந்தார் அப்பா. வகிடு கோணலாகப் போயிற்று. "ஒன்பது வருஷமா இப்படித்தான் கோணல், இன்னைக்காவது நேரா எடுங்களேன்" என்று அம்மா அதட்டினாள். சுண்டு படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்து எடுத்தாள். முக்கால் மணி நேரம் ஒன்றும் எடுக்காமல் அந்த அம்மாவோடு பேசிக்கொண்டும் இருந்தாள். மண்டபத்தில் மகன் வந்து அம்மாவின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தோளில் தலை சாய்த்துக்கொண்ட நேரம், அவர்கள் இருவரையும் சுற்றி நின்ற இடுப்புகளுக்கும் கைகளுக்கும் நடுவே நின்று சுண்டு எடுத்தாள். மத்தியானம் இரண்டரைக்குக் கிளம்பினாள். அப்பா வாசல்வரை வந்து, "அவ்வளவுதானா?" என்றார். "அவ்வளவுதான் ஐயா" என்றாள்.

ஆறு வாரம் கழித்துப் புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, அம்மா அதை மடியில் வைத்து மெல்லப் புரட்டினாள். வகிடு எடுக்கும் படத்தில் வெகுநேரம் நின்றாள். பிறகு புருஷனைக் கூப்பிட்டாள்.

"இங்க பாருங்க, உங்க மூஞ்சியை. தலைவாரும்போது நாக்கைக் கடிச்சுக்கிறீங்க. எனக்கு இத்தனை நாள் தெரியவே தெரியாதே. என் பின்னாடிதானே நிப்பீங்க."

அவர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். உள்ளே போய் சுண்டுவுக்குத் தேநீர் போட்டுக் கொண்டுவந்தார்.

அந்த வீட்டைத் தொடர்ந்து அவர்களுக்குத் தெரிந்தவர்கள் இரண்டு பேர் வந்தார்கள். முதல் வருடம் ஏழு கல்யாணம்தான். இரண்டாம் வருடம் பன்னிரண்டு. பதினைந்து என்ற எண்ணிக்கை இன்னும் ஒருமுறைகூட நிரம்பவில்லை. ஆனாலும் அவள் அதை மாற்றவில்லை. டிசைனர் பெண்ணுக்குத் தளம் திறந்த கொஞ்ச நாளிலேயே பெண் குழந்தை பிறந்திருந்தது. குழந்தையின் முதல் படத்தை எடுத்தது சுண்டுதான், தொட்டிலின் உயரத்தில்.

கொக்கு எடுத்த பதினைந்து படங்களையும் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, கசங்காமல் அட்டை வைத்து சுண்டு அவளுக்கு அனுப்பியிருந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடை முதலாளி இரண்டை வாங்கிச் சுவரில் மாட்டிவிட்டாராம். கண் பரிசோதனைக்கு வருகிறவர்கள் எழுத்துகளைப் படிப்பதற்குப் பதிலாக அந்த வழுக்கைத் தலையைப் பார்க்கிறார்கள் என்று கொக்கு போனில் அலுத்துக்கொண்டாள். இப்போது வாரம் ஒரு தடவை பேசுகிறார்கள். சில ஞாயிற்றுக்கிழமைகளில், கல்யாணம் எதுவும் இல்லாதபோது, சுண்டு பழைய ஃபோல்டர் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு போன் செய்கிறாள். படத்தைச் சொல்கிறாள். எடுத்தது யார் என்று இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொள்கிறார்கள்.